இரண்டு மொழிக்கும் ஒரே பிரசங்கம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், குடும்பத்தோடு வருகிறோம். அப்புறம், உங்கள் சபையிலும் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஒரே ஆராதனையாகிவிட்டது, பிரசங்கத்தை எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருந்தாய்.

இங்கே மாயவரம் பக்கம் டிசம்பர் வந்தால் பெங்களூர், சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அரைமணி நேரம் பேசினால் கால்மணி நேரச் சரக்குதான் தேறும், அதுகூடப் பரவாயில்லை, இரண்டும் தெரிந்தவர்கள்தான் எங்கள் சபையில் அதிகம், அவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக் கொட்டாவி விடுகிறார்கள்.

இந்த மாதம் மாற்கு 4:26-29 எடுத்திருக்கிறேன். விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாமலே பயிர் வளருமே, அந்த உவமை. வேதபாகத்தை முன்னாலேயே இரண்டு மொழியிலும் முழுசாக வாசித்துவிடுவோம். 'விதைப்பது நம் வேலை, வளர்ப்பது தேவன் வேலை' என்ற மைய வரியை மட்டும் இரண்டிலும் வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்வேன். மற்றதெல்லாம் மாறி மாறிப் போகும். ஒரு மொழியில் நாலைந்து வாக்கியம், அடுத்த மொழி அதை ஒரு வரியில் தொட்டுவிட்டு மேலே போய்விடும்.

ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தேவை ஒன்றல்ல. வயலில் கால் வைக்காத பிள்ளைகளுக்கு முளை, கதிர், மணி என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். தமிழில் அது வீண். சம்பா கதிர் வாங்கி நிற்கிற நேரத்தில் நம் விவசாயியிடம் போய் 'விதைத்துவிட்டுத் தூங்கினான்' என்றால் சிரிப்பார்; தண்ணீர் பாய்ச்சுவது யார், களை எடுப்பது யார், எலியை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்வியைத் தமிழில் நானே கேட்டுவிடுவேன். உழைக்க வேண்டாம் என்று இயேசு சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் வரப்பில் விழித்து உட்கார்ந்தாலும் கதிர் ஒரு நாள் முந்தி வராது என்பதுதான் பதில். இதை இங்கிலீஷிலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிரசங்கம் திரும்புகிற இடம் இது.

எழுதி முடித்ததும் இங்கிலீஷ் பகுதிகளை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாசித்துப் பார், பிறகு அதையே மாற்றிச் செய். எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஒரு வரி போதும், பத்தி வேண்டாம்.

இங்கிலீஷ் உனக்குச் சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர்தான் வழி. அப்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தாதே. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், அது வராமல் அவர் வாயைத் திறக்க முடியாது. பிரசங்கத்தை எழுதி முதல் நாளே அவர் கையில் கொடு. சிலேடை இருந்தால் வெட்டிவிடு, தமிழ்ப் பக்கம் சிரித்து ஓய்ந்த பிறகு இங்கிலீஷ் பக்கம் முழித்துக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்