சத்தத்தைக் கழற்றினால் பாட்டு வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைக் குழுக்கள் மின்கருவிகளை ஒதுக்கிவிட்டு அக்கூஸ்டிக் கருவிகளில் வாசிக்கும் எம்டிவியின் 'அன்ப்ளக்டு' டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சாரத்தைப் பிடுங்கியதும், சத்தத்துக்கு அடியில் புதைந்திருந்த பாட்டு வெளியே வந்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். பாதிதான் சரி. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே அதற்குச் சாட்சி. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் சோனி ஸ்டுடியோவில் வாசித்த கச்சேரியைத்தான் சொல்கிறேன். நான் மேடை ஏறியவன் இல்லை. வீட்டில் கிதாரை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளை வருடக்கணக்கில் வாசித்துப் பார்த்தவன், அவ்வளவே.

முதலில் ஒரு தகவல் பிழை. அன்று மின்சாரம் பிடுங்கப்படவில்லை. குழுவின் பாடகரும் கிதார்காரருமான கர்ட் கோபேன் வாசித்தது 1959ஆம் வருட மார்ட்டின் அக்கூஸ்டிக் கிதார். அதில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் பொருத்தியிருந்தது. ஆம்ப்ளிஃபயரும் எஃபெக்ட்ஸ் பெடல்களும் இல்லாமல் முடியாது என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், ஆம்ப்ளிஃபயரை மறைக்க முன்னால் ஒரு பெட்டியைச் செய்து வைத்தார்கள். டேவிட் போவியின் 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்டு' பாட்டில் கிதார் தனியாக வரும் இடத்தைக் கேளுங்கள். நீண்டு, கொஞ்சம் கரகரத்து வரும் அந்த ஒலியை வெறும் மரப்பெட்டியிலிருந்து எடுக்க முடியாது.

சரி, இதைக் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அந்த நாற்பது ஐம்பது நிமிடங்களில் பாட்டுகள் வேறு விதமாகக் கேட்டன என்பதை மறுக்கவே முடியாது. அது ஏன் என்பதில்தான் எனக்கும் கட்டுரையாளருக்கும் வழக்கு.

ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைப் போட்ட கிதாரில், பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் முழு கார்டை வாசித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டிஸ்டார்ஷன், உள்ளே போன சுரங்களைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. அவற்றைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கிறது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருந்தால் அந்தப் புதிய ஒலிகள் அவற்றோடு ஒத்துப்போகும், ஒலி கனத்துவிடும். நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் எல்லாம் உரசி, குழம்பிய இரைச்சல் ஆகிவிடும். அதனால்தான் ராக் கிதார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு இரண்டு சுரத்தை மட்டும் பிடிக்கிறார்கள். பவர் கார்டு என்பது அதுதான். கிட்டத்தட்ட நம் தம்புரா.

ஆனால் ஒரு கார்டு மலர்ந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா, அதாவது மேஜரா மைனரா என்று சொல்வதே காந்தாரம்தான். கிதார் அதைச் சொல்லாவிட்டால் யார் சொல்வது? பாடுபவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலியிடத்தை நிரப்பும்படி மெட்டு அமைய வேண்டும். இப்படியே எழுதிப் பழகியவரின் பாட்டில், பாட்டின் பெரும்பகுதி குரலில் ஏற்கெனவே குடியேறியிருக்கும். கிதாரின் கனத்தைக் குறைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். இந்தப் பாட்டுகள் அன்று தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அவை சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருந்தவை அல்ல, சத்தத்தின் நிபந்தனைகளுக்குள் வளர்ந்தவை.

'பென்னிராயல் டீ' பாட்டையே எடுத்துக்கொள்வோம். கச்சேரிக்கு இரண்டு மாதம் முன்பு வெளிவந்த 'இன் யூட்டெரோ' ஆல்பத்தில் இருப்பது. ஆல்பத்தில் சரணம் அடக்கமாகப் போகும், பல்லவி வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து இடிப்பார்கள். கச்சேரியில் இதைத் தனியாகவா வாசிப்பது என்று மேடையிலேயே கேட்டுவிட்டு, கோபேன் ஒருவராகவே வாசித்தார். சரணத்தில் ஏ மைனர், ஜி என்று இரண்டே கார்டுகள் மாறி மாறி வரும். பல்லவியில் சி, டி, அப்புறம் பி ஃபிளாட். அந்தப் பி ஃபிளாட் சரணத்தின் ஸ்கேலில் இல்லாதது, நம் பாஷையில் அன்னிய சுரம் மாதிரி. ஆல்பத்தில் அது வரும்போது டிரம்ஸ் இடியில் நாம் அதைக் கவனிப்பதில்லை, பாட்டு பலமாகிவிட்டது என்று மட்டும்தான் தோன்றும். தனிக் கிதாரில் கேட்கும்போது தரை சற்றே சரிந்த மாதிரி இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் விரலுக்கும் தெரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. டிஸ்டார்ஷன் சுரத்தை நீளமாகப் பிடித்து வைத்திருக்கும். அக்கூஸ்டிக் கிதாரில் மீட்டிய சில நொடிகளில் ஒலி தேய்ந்துவிடும். கார்டு தேயத் தேய, பாட்டு வரியைத் தாங்கும் வேலை முழுக்கக் குரலின் தலையில் விழுகிறது. இந்தப் பாட்டில் அவர் குரல் தடுமாறுகிற இடங்கள் எல்லாம் அப்படியே கேட்கின்றன. அன்று டிரம்ஸ் வாசித்த டேவ் குரோலும் தன் வழக்கமான அடியை விட்டுவிட்டு, நிறைய இடங்களில் பிரஷ்ஷால் வாசித்தார். லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ சில பாட்டுகளில் அந்த நீளத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் எந்தச் சத்தப் பாட்டையும் இப்படிக் கழற்றினால் உள்ளே நல்ல பாட்டு இருக்கும் என்று கட்டுரையாளர் சொல்லும்போது பட்டியலைப் பார்க்கச் சொல்வேன். அன்று வாசித்தது 14 பாட்டு. அதில் 6 மற்றவர்களுடையவை. 'பாலி', 'சம்திங் இன் தி வே' இரண்டும் 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்திலேயே அமைதியாக, அக்கூஸ்டிக் கிதாரில் பதிவானவை. உலகமே அறிந்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பட்டியலிலேயே இல்லை. வீட்டில் வாசித்துப் பார்த்தால் அது விடுபட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதன் சரணத்திலும் பல்லவியிலும் அதே நான்கு கார்டுகள்தான். சரணத்தில் கிதார் இரண்டு சுரத்தோடு சும்மா இருக்கும், பல்லவியில் சுவர் இடிந்து விழும். அந்தத் தாவல்தான் பாட்டே. அக்கூஸ்டிக் கிதாரில் மெதுவாக மீட்டுவதற்கும் ஓங்கி மீட்டுவதற்கும் உள்ள தூரம் அதற்குப் போதாது. அது மட்டமான பாட்டு என்று யாராவது சொல்வார்களா? அதில் சத்தமும் இயற்றப்பட்டது, அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டைக் கட்டுரையாளர் ஏனோ தொடவே இல்லை. 'வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்' பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லி பாடியதைப் பின்பற்றி வாசித்தார்கள். முதல் சரணங்களைக் கோபேன் முணுமுணுப்பாகவே பாடுகிறார். கடைசிச் சரணத்தில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்குகிறார். தொண்டை கிழிகிறது. கிதாரிலிருந்து எடுத்துவிட்ட கரகரப்பு முழுக்க இப்போது குரலில் இருக்கிறது. கடைசி வரியின் நடுவில் ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, அப்புறம்தான் முடிக்கிறார். அடங்கிப்போனால் பாட்டு தெரியும் என்று சொல்லும் கட்டுரையில் இந்த இடத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

இப்படிக்கு,
வாசகர், திருச்சி