தண்டனை குறித்து வாய் திறப்போம்: கிருஷ்ணகிரி, தருமபுரி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூத்தோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் கட்சிக்காரர்கள் இருவரைப் பற்றி எழுதுகிறேன். ஒருவர் போச்சம்பள்ளிப் பக்கம், மற்றவர் பாலக்கோடு பக்கம். இருவருக்கும் அவரவர் பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. இருவருமே மாட்டுக்குத் தீவனம் அறுத்துக்கொண்டிருந்த கருக்கரிவாளாலேயே பக்கத்து நிலத்துக்காரரை வெட்டினார்கள். தலையில் சில தையல்கள், எலும்பு முறிவு இல்லை. முன்வழக்கும் இல்லை. ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றத்துக்கான இந்திய தண்டனைச் சட்டம் 324ஆம் பிரிவில் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒருவருக்கு ஓராண்டுச் சிறை. மற்றவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போனார்.

சிறைக்குப் போனவரின் மனைவி, "அவரை மட்டும் எப்படிங்க விட்டாங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தவறு என்னுடையது.

324இன் இடத்தில் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. இத்தனை அகலமான இடைவெளியில் எங்கே நிற்பது என்பதை நீதிபதி கோப்பில் உள்ளதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வழக்கில், "தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டபோது, "குடும்பஸ்தர், கருணை காட்ட வேண்டுகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அரிவாள் ஏற்கெனவே கையில் இருந்தது, வீட்டுக்குப் போய் எடுத்து வரவில்லை என்பதைச் சாட்சியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார். திட்டமிட்டு வந்தாரா, ஆத்திரத்தில் கை ஓங்கினாரா என்பதைப் பிரித்துக் காட்டும் வரி அது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது வழக்கில் ஒரு பக்க மனு கொடுத்தேன். சண்டை தொடங்கிய விதம், ஒரே வெட்டோடு நின்றது, காயம்பட்டவரின் மருத்துவச் செலவைக் கொடுத்த ரசீது எல்லாம் அதில் இருந்தன. சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரத்தில் விட வழிசெய்யும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டி, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டேன். அவர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

தண்டனை விசாரணை வெறும் வாய்மொழிச் சடங்கு அல்ல, இரு தரப்பும் ஆவணங்களை வைக்கலாம் என்று சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. அரசு வழக்கறிஞர்களுக்கும் இது பொருந்தும். விழுந்தவரைத் திரும்பவும் வெட்டியிருந்தால், முன்பே மிரட்டியிருந்தால், அதை இந்தக் கட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். காயம்பட்டவருக்கும் நியாயம் வேண்டும்.

குற்றவாளி என்று தீர்ப்பானதும் தண்டனை விசாரணைக்கு இரண்டு நாளாவது வாய்தா கேளுங்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள். நன்னடத்தைச் சட்டப்படி விடக்கூடிய ஒருவரை விடாவிட்டால், அதற்கான சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 402ஆம் பிரிவு. மனு கோப்பில் இருந்தால்தான் மேல்முறையீட்டில் அந்தக் காரணத்தை எடைபோட முடியும்.

நான் கொடுத்த மனுவின் படிவம் என் குமாஸ்தாவிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்