ஒரே வரியில் இரு மொழியும் வேண்டும்: மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் இதய நோய்ப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் தாயார் கடந்த மார்ச் மாதத்தில் உங்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், ஆறாம் நாள் ஆம்புலன்ஸில் மீண்டும் அங்கேயே கொண்டுவரப்பட்டதும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. நான் முறையிட்ட பின் உங்களிடமிருந்து வந்த ஆங்கிலக் கடிதம், “வெளியேறும்போது பின்பற்ற வேண்டியவை எழுத்தில் கொடுக்கப்பட்டன, குடும்பத்தினருக்கு விளக்கப்பட்டன” என்கிறது. அந்தக் குடும்பத்தினர் யார் என்பதையும், அந்த எழுத்து என்ன சொன்னது என்பதையும் இங்கே எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

இதயம் தளர்ந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கிய நிலையில் வந்த 74 வயதுப் பெண்மணி அவர். அனுமதித்த அன்று தாதி தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பேச வைத்தார். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பிய வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தத் தொலைபேசி ஏனோ மேசைக்கு வரவில்லை. நான் வேலையில் இருந்தேன். அழைத்துப்போக வந்த என் அக்காவின் மகனுக்கு வயது 15. உங்கள் கடிதம் குறிப்பிடும் குடும்பத்தினர் அவன்தான்.

அவனிடம் கொடுக்கப்பட்ட நான்கு பக்கத் தாளின் இரண்டாம் பக்கத்தில், ராமிப்ரில் என்ற மருந்தின் எதிரே ‘ஹோல்ட்’ என்று அச்சாகியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் 5.6 ஆக ஏறியிருந்ததாலும் சிறுநீரகம் களைத்திருந்ததாலும், குடும்ப வைத்தியரைப் பார்க்கும்வரை அந்தக் குளிசையைக் குடிக்கக் கூடாது என்பது அதன் பொருள். மருத்துவர்களுக்குள் அது பழகிப்போன சொல். பள்ளிக்கூட ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு ‘ஹோல்ட்’ என்றால் கையில் பிடித்திருப்பது, விடாமல் வைத்திருப்பது. “அம்மம்மா, இதை விடாமல் வைச்சிருக்கட்டாம்” என்று அவன் சொன்னதில் மொழிப் பிழை எதுவும் இல்லை. பத்து வருடமாக ‘பிரஷர் குளிசை’ என்று பெயர் சொல்லிக் குடித்துவந்த அதே குளிசை, பாதி நிறைந்த பழைய போத்தலில் வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. மருந்தகம் புதிதாக எழுதிய மருந்துகளை மட்டுமே கொடுக்கும், வீட்டில் கிடக்கும் பழைய போத்தலை யாரும் வந்து எடுத்துப்போவதில்லை. ஆகவே அம்மா தினமும் காலையில், கவனமாக, மறக்காமல், நிறுத்தச் சொல்லப்பட்ட குளிசையைக் குடித்தார்.

அதே தாளில் உப்பைக் குறைக்கும்படியும் இருந்தது. அண்ணி நல்ல மனதோடு கடைக்குப் போய், சோடியம் இல்லாத உப்பு என்று டப்பாவில் எழுதியிருந்ததை வாங்கிவந்து குழம்பில் போட்டார். அது பொட்டாசியம் குளோரைட். ராமிப்ரில் பொட்டாசியத்தை உடம்பில் தேங்க வைக்கும் மருந்து. தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்றவும் முடியாது. இரண்டும் சேர்ந்து, ஆறாம் நாள் அம்மாவால் கதிரையை விட்டு எழ முடியவில்லை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது பொட்டாசியம் 6.7. கல்சியம் ஊசியும், குளுக்கோஸோடு இன்சுலினும் ஏற்றி, இரவு முழுதும் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி அவரைக் காப்பாற்றினீர்கள். அந்த இரவில் பணியில் இருந்தவர்களைக் கும்பிடுகிறேன். அந்த இரவு தேவையே இல்லாத இரவு என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தமிழ் பேசும் நோயாளி வெளியேறும்போது கொடுக்கும் தாள், ஒரே பக்கத்தில், ஒரே வரியில், தமிழும் ஆங்கிலமுமாக இருக்க வேண்டும். தமிழில் தனித்தாள் ஒன்றைப் பின்னால் ஊசி குத்தி இணைப்பது போதாது. அம்மா தமிழைப் படிப்பார், பேரன் ஆங்கிலத்தைப் படிப்பான், மருந்தகத்தில் இருப்பவரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் ஆங்கிலத்தை மட்டுமே படிப்பார்கள். நால்வரும் ஒரே வரியில் விரல் வைத்துப் பேச முடிந்தால்தான் பிழை வெளியே தெரியும். மருந்தின் பெயர் போத்தலில் உள்ள ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும், அதைத் தமிழில் எழுதினால் போத்தலோடு ஒப்பிட முடியாது. அதன் பக்கத்தில் “பிரஷர் குளிசை (மாத்திரை): இப்போது குடிக்க வேண்டாம். வீட்டில் உள்ள பழைய போத்தலிலிருந்தும் குடிக்க வேண்டாம்” என்று இருந்திருந்தால் போதும். ‘நிறுத்தி வைக்கவும்’ என்று எழுதினாலும், ‘வைக்கவும்’ மட்டும் கண்ணில் படுகிறவர்கள் உண்டு. ‘ஒரு நாளைக்கு இரண்டு’ என்பதும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தா, காலையும் இரவுமா என்று அது சொல்வதில்லை. ‘காலை 1, இரவு 1’ என்று எழுதினால் குழப்பம் இல்லை. உப்பைப் பற்றி எழுதும்போது ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் என்று பெயர் சொல்லுங்கள். பொட்டாசியம் உப்பை வாங்க வேண்டாம் என்பதை, எங்கள் வீட்டுக்கு நடந்ததற்காகவாவது, ஒரு வரியாகச் சேருங்கள்.

இது பெருஞ்செலவு என்பீர்கள். இதயத் தளர்ச்சியோடு வீடு திரும்புவோருக்குச் சொல்வதில் பெரும்பகுதி ஒரே வாக்கியங்கள்தான்: தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், எந்தக் குளிசையை எப்போது குடிக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எப்போது அவசரமாக வர வேண்டும். அவற்றை ஒருமுறை ஒருவர் மொழிபெயர்த்து, இன்னொருவர் சரிபார்த்து, எண்ணிட்டு வைத்தால், மருத்துவர் எண்ணைத் தெரிவுசெய்து மருந்தின் பெயரையும் அளவையும் நிரப்பினால் போதும். அந்தந்த நோயாளிக்கென எழுதும் வரிகளை இப்படி முன்கூட்டி ஆக்கிவைக்க முடியாது. அந்த வரிகளுக்கு அதே மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, விளக்கியதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ‘போட்ஸ்’ என்று உங்கள் துறையில் அறியப்படும் எளிய வெளியேற்றத் தாள் இந்த ரொறன்ரோ நகரிலேயே, நோயாளிகளையும் உட்காரவைத்து உருவாக்கப்பட்டது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

2014இல் ஒன்ராறியோ சட்டமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஆக்கியது. அதைக் கொண்டாட ஆண்டுதோறும் உங்கள் வரவேற்பறையில் கோலம் போட்டு, ‘வணக்கம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, சர்க்கரைப் பொங்கலும் கொடுக்கிறீர்கள். படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பலகைக்குக் கிடைத்த தமிழில் பத்தில் ஒரு பங்கு எங்கள் அம்மாவின் இரண்டாம் பக்கத்துக்குக் கிடைத்திருக்கலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், பொங்கலை நிறுத்த வேண்டாம்.

அக்காவின் மகன் இன்னும் அந்தத் தாளை மடித்து மேசை லாச்சியில் வைத்திருக்கிறான். தன்னால்தான் என்று நினைக்கிறான். அப்படியல்ல என்று நாங்கள் பலமுறை சொல்லிவிட்டோம். அதை நீங்களும் ஒரு வரியில் எழுதி அனுப்பினால் அவன் நம்பக்கூடும்.

அடுத்த மாதம் அம்மாவை உங்கள் இதயப் பிரிவுக்கு மறுபடி அழைத்து வருகிறோம். ராமிப்ரிலைத் திரும்பத் தொடங்குவதா என்று அன்றுதான் முடிவாகும் என்றிருக்கிறீர்கள். அந்த முடிவு எதுவானாலும், அதை ஒரே தாளில், ஒரே வரியில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அவர் கையிலேயே கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்