கைமாற்றுக் கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

உன் அத்தை மகன் இன்னும் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று நீ சொல்வதாகவும், 10,000 தான் பாக்கி என்று அவன் சொல்வதாகவும் அம்மா சொன்னாள். இதற்காக நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீ அனுப்பிய வங்கி அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். அவன் சொல்வதுதான் சரி.

ஜூன் 3 அன்று நீ 40,000 கொடுத்தாய். ஜூலை 5 அன்று 10,000 அவன் பெயரில் வந்திருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று வந்த 10,000 அவன் மனைவியின் கணக்கிலிருந்து வந்தது. நீ அவன் பெயரை மட்டும் தேடியதால் அது கண்ணில் படவில்லை. செப்டம்பர் 4 அன்று 11,200 வந்திருக்கிறது. அதில் 1,200 நீ அத்தைக்கு எடுத்த ரயில் டிக்கெட்டுக்கு. கடனில் கழிய வேண்டியது 10,000 மட்டுமே. முழுவதையும் கழித்தால் பாக்கி 8,800 என்று தப்பாக வரும்.

இனி ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. கொடுத்த தேதி, தொகை, எந்த வழியில் கொடுத்தாய், எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்பதை மேலே எழுது. அதன் கீழ் ஒவ்வொரு வரவையும் எழுதிப் பாக்கியைப் போட்டுக்கொண்டே வா. யுபிஐ வழியாக வந்த பணம் என்றால் அதன் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் எழுது. ஒரே தொகை மாதாமாதம் வரும்போது எது எது என்று பிரித்துக் காட்டுவது அந்த எண்தான். வேறு யார் கணக்கிலிருந்தாவது வந்தால் அந்தப் பெயரையும் பக்கத்தில் குறித்துவை.

மாதக் கடைசியில் வங்கி அறிக்கையை எடுத்து, நோட்டில் ஏறிய வரவுகளுக்கு இரண்டு இடத்திலும் டிக் போடு. அறிக்கையின் ஒரு வரிக்கு ஒரு டிக்தான். அறிக்கையில் டிக் இல்லாமல் நிற்கும் வரவு யாருடையது என்று அப்போதே விசாரி. ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

கையில் வாங்கும் பணம்தான் தொல்லை. அறிக்கையில் அதற்குப் பதிவு இருக்காது. வாங்கிய அன்றே 'ரொக்கம்' என்று எழுதி, கிடைத்ததாக அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடு. பிறகு அதை வங்கியில் கட்டினால், அந்த வரவை மறுபடியும் கடனில் கழித்துவிடாதே. 20,000 அல்லது அதற்கு மேல் கடன் கொடுப்பதென்றால் ரொக்கமே வேண்டாம். வருமான வரிச் சட்டம் அப்படிக் கடன் வாங்குவதைத் தடுக்கிறது. அபராதம் கடன் வாங்கியவர் தலையில்தான் விழும். உதவப் போய் உறவினரை அதில் மாட்டிவிடக் கூடாது.

மூன்று வரவுகளையும் தேதியோடு எழுதி, பாக்கி 10,000 என்று இன்று இரவே அவனுக்கு அனுப்பு. அனுப்பிய கையோடு போனிலும் பேசு.

அன்புடன்,
அப்பா