மூத்த தாரத்துப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? மறுமணம் செய்துகொண்ட தகப்பன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"எனக்குப் பிறகு ரெண்டு பிள்ளைகளும் சமமாப் பிரிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உயில் எழுதாமல் இருக்கிறீர்கள். பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்க்கிற எங்களுக்கு அந்தச் சமம் எங்கே உடைகிறது என்று தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் சுயசம்பாத்திய வீடு, மதிப்பு 60 லட்சம். மூத்த தாரத்துக்கு ஒரு மகள், இளைய தாரத்துக்கு ஒரு மகன். உங்கள் தாயார் இல்லை. நீங்கள் உயில் இல்லாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், மகன் மூவருக்கும் ஆளுக்கு 20 லட்சம். இதுவரை குறையில்லை. பிறகு மனைவியும் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய 20 லட்சம் முழுவதும் அவர் பெற்ற மகனுக்கே போகும். அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் 'மகன், மகள்' என்றால் அந்தப் பெண் பெற்ற, அல்லது முறைப்படி தத்தெடுத்த பிள்ளைதான். கணவரின் முதல் தாரத்துப் பிள்ளை இல்லை. ஆக மகனுக்கு 40, மகளுக்கு 20. யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் "சித்தி சுருட்டிட்டா" என்ற பேச்சு தலைமுறைக்கும் நிற்கும்.

வீட்டை மனைவி பெயரிலேயே வாங்கியிருந்து, அவருக்கு முன்னால் நீங்கள் போய்விட்டால், மகளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

உயில்தான் வழி. அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுகிறவர் யாரும் சாட்சியாக வேண்டாம். வழக்கமாக எழுதுவது, "மனைவி ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்குச் சரிபாதி" என்று. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தந்த சொத்து, ஆயுள்வரை என்று எழுதியிருந்தாலும் 14ஆம் பிரிவின்படி அவருக்கே முழு உரிமையாகிவிடலாம். 1977இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே மனைவிக்கு வைப்புநிதியோ வேறு சொத்தோ தனியாக, முழு உரிமையாகக் கொடுத்துவிடுங்கள். வீட்டை நேராகப் பிள்ளைகள் பெயருக்கே எழுதி, மனைவி கடைசிவரை அதில் குடியிருக்கலாம் என்று மட்டும் சேருங்கள். வாசகத்தை வழக்கறிஞர் பார்க்கட்டும். இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறவர்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குக் கணக்கு வேறு.

வீட்டைவிடச் சீக்கிரம் மனம் முறிவது நகையில். முதல் மனைவி உயில் எழுதாமல் போயிருந்தால், அவருடைய நகையில் பாதி உங்களுக்கு, பாதி மகளுக்கு. அம்மாவின் சங்கிலி சித்தியின் கழுத்தில் கல்யாண வீட்டுக்குப் போவதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் வாய் திறந்தால் "நகைக்கு அலையறா" என்பீர்கள். உண்மையில், தன் அம்மாவை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்களா என்றுதான் அவள் பார்க்கிறாள். நகைகளை எடை போட்டுப் பட்டியல் எழுதுங்கள். அவளுக்கு 18 வயது முடிந்ததும், மனைவியையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் பாதியை அவள் கையில் கொடுங்கள். உங்கள் பாதி யாருக்கு என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்க்கிற சிலர்