தெற்குவாடி அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்: குழம்பு கூடி வந்துவிட்டது

வந்து இறங்கிய முதல் மூன்று வாரம் எப்படிப் போனது என்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உதவினீர்கள். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. இப்போது எனக்கு ஓர் அறை இருக்கிறது, அதன் சாவி என் கையில் இருக்கிறது. நேற்று ராத்திரி இந்த வீட்டு அடுப்பங்கரையில் முதன்முதலாக மீன் குழம்பு வைத்தேன். வாசனை இன்னும் போர்வையில் இருக்கிறது. துவைக்க மனசு வரவில்லை, அது போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாம்பனிலிருந்து கிளம்பும்போது அம்மா தன் மண்சட்டியைக் கொடுத்துவிட்டார். கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கி, வருஷக்கணக்காகப் புளியும் மிளகாயும் குடித்த சட்டி. இரண்டு கைலிக்குள் சுற்றி, உள்ளே முண்டு வத்தலைப் போட்டு, மடியிலேயே வைத்து ஸ்காட்லாந்தின் டண்டீ வரை கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் சோதித்தவர் ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். குண்டு குண்டாக இருப்பதால் விதை உள்ளே கலகலவென்று ஆடும். சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்று சொல்ல எனக்கு ஆசை, பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் அடுப்பங்கரை காலியானது. சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினேன். அடுப்பு மூன்று தடவை கூவிவிட்டு அணைந்தது. திரும்பப் போட்டேன், திரும்பக் கூவியது. அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை நாலரை, அம்மா எடுக்கவில்லை. அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் எங்கள் தெருவின் மீன்கார அக்கா. வல்லம் கரை சேருமுன் தெற்குவாடிக்கு ஏலத்துக்குப் போய்விடுவார். கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன தம்பி, உடம்புக்கு எதுவுமா?"

"இல்லக்கா, குழம்பு."

"அப்ப சொல்லு," என்று கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது. கண்ணாடிக்கு அடியில் உள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் பாத்திரத்தில் உள்ள இரும்பையே சூடாக்குகிறது. மண், அலுமினியம், செம்பு எல்லாம் அதற்கு இல்லாத பாத்திரம் மாதிரிதான். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "காந்தம் ஒட்டுதா பாரு." அவர் மகள் புது வீட்டுக்கு அடுப்பு வாங்கியபோது கடைக்காரர் அப்படித்தான் பார்த்தாராம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சட்டியின் அடியில் வைத்தேன், கீழே விழுந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து அறைக்காரர் இரண்டு பாத்திரம் கொண்டுவந்தார்: ஒரு வார்ப்பிரும்புச் சட்டி, ஒரு கனமான எவர்சில்வர் பாத்திரம். இரண்டிலும் காந்தம் ஒட்டியது. இரும்பை அக்கா வேண்டாம் என்றார். புளிக்குழம்பு அதில் கொதித்தால் இரும்பு வாடை ஏறும், நிறமும் கறுக்கும்.

மீனைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அரைக் கிலோ அயிலை மாதிரியான மீன், கடையிலேயே முள் எடுத்துத் துண்டாக்கியது.

"தலை எங்க?"

"தலையை எடுத்துட்டுத்தான் விக்கிறாங்கக்கா."

கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப அவங்க குழம்புல என்னத்த உறிஞ்சுவாங்க?"

தலையும் முள்ளும் இல்லாத மீனால் குழம்புக்குச் சாறு இறங்காது என்பது அவர் கவலை. அதனால் தேங்காயைக் கூட்டி, மைபோல அரைக்கச் சொன்னார். முள் இல்லாத துண்டு சீக்கிரம் உடையும், ஆகவே மீனைக் கடைசியில் போட வேண்டும், கரண்டியே தொடக் கூடாது, பாத்திரத்தின் காதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும்.

நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி, எட்டு முண்டு வத்தலும் மல்லியும் அரைத்த விழுது விழுந்ததும் கமறல் கிளம்பியது. கூரையில் இருந்த புகை மணி அலற ஆரம்பித்தது. கைலியை வீசிக்கொண்டு நான் ஜன்னலைத் திறக்க, மாடியில் இருந்தவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே இறங்கி வந்தார்கள். போனில் அக்கா பதறினார். "அதென்னப்பா மணி? குழம்பு வெந்துருச்சுன்னு அதுவே சொல்லுதா?" மாடிக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நடுராத்திரியில் ஒரு வீடே சிரித்தது.

அப்புறம் புளியில் தவறியது. இங்கே கிடைத்தது போத்தலில் அடைத்த புளிச்சாந்து. ஊரில் எலுமிச்சை அளவுப் புளியைக் கரைக்கும் கணக்கில் மூன்று கரண்டி போட்டுவிட்டேன். குழம்பு சிவப்பிலிருந்து தார் நிறத்துக்குப் போனது, நாக்கில் வைத்தால் பல் கூசியது. காய்ச்சிச் சுண்டிய சாந்து அது, ஒரு கரண்டியே தாராளம். சர்க்கரை போடட்டுமா என்றேன். "போட்டா பாயசம்," என்றார். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி, தேங்காய் விழுதைச் சேர்த்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடச் சொன்னார். பிரிந்தது. மீனைத் தோல் கீழே இருக்கும்படி இறக்கி ஆறு நிமிஷம் விட்டேன். ஒரு துண்டுகூட உடையவில்லை.

"சரி, எங்க சட்டி?" என்றார். சட்டி வேலைக்கு ஆகாதே என்றேன். "கொதிக்கிறது எதுல வேணாலும் கொதிக்கட்டும் தம்பி. ராத்திரி தூங்குறது சட்டியில தூங்கட்டும்." சுடுகுழம்பைச் சில்லென்ற மண்ணில் ஊற்றினால் விரிசல் விடும் என்று, முதலில் வெந்நீரால் சட்டியைக் கழுவவைத்தார். குழம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மாற்றவைத்தார். தூரத்தில் ஏலக் குரல் கேட்டது. அக்கா ஒரு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருக்கிறார். முதல் கூடை அன்றைக்கு வேறு யாருக்கோ போயிருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா, மறுத்துப் பேசாதீங்க. என் முதல் சம்பளத்தில் உங்கள் கூடைக்கு ஒரு நாள் முதற்பணம் நான் போடுவேன்.

பணம் திரட்டி அனுப்பிய பாம்பன், மண்டபம் நண்பர்களுக்கும், கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் கையில் திணித்த யாழ்ப்பாணத்துக் கடைக்கார அண்ணனுக்கும், தன் சோபாவில் பதினொரு நாள் படுக்கவிட்ட சீனியருக்கும், பாத்திரம் தந்த, தும்மிய, சிரித்த இந்த வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. அந்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நம் கரையிலிருந்து அடுத்து இந்த ஊருக்கு வருகிறவர் கேட்காமலே அது அவர் அறைக்கு வந்து சேரும்.

இன்று மத்தியானம் பழைய சோற்றோடு சாப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே டே ஆறு கடலில் சேருகிற இடத்தில் கடற்காகங்கள் கத்தின. கண்ணை மூடினால் வாடிதான். போனைப் பார்த்தால் அக்காவின் குரல் பதிவு, ஐந்து நொடி: "தம்பி, சட்டி விரிசல் விடலையே?"

விடலக்கா.