டேப்லெட் விளையாட்டுகளில் பணமும் நேரமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டேப்லெட் விளையாட்டில் வரும் கதாபாத்திரத்துக்குப் பிள்ளை ஓர் உடை கேட்டானென்று ஒரு தாயார் கடவுச்சொல் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு முறைதான். மறுநாள் பார்த்தால் அடுத்தடுத்துப் பல முறை பணம் போயிருந்தது. பையன் கடவுச்சொல்லைத் திருடிவிட்டான் என்றே நினைத்து என்னிடம் வந்தார்.

அவனுக்குக் கடவுச்சொல்லே தேவைப்பட்டிருக்காது. பிளே ஸ்டோரில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கலாம், 30 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். நாம்தான் அமைக்க வேண்டும். இரண்டாவது முறையில் இருந்தால், ஒரு தடவை போட்டதும் அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். ஆப்பிளில் இந்த இடைவெளி முன்பு 15 நிமிடம். அமெரிக்காவில் பெற்றோர் புகார்கள் குவிந்து, 2014-ல் ஆப்பிளும், பிளே ஸ்டோரை நடத்தும் கூகுளும் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. பிள்ளைக்குத் திரையில் தெரிவது வைரக்கற்களும் நாணயங்களும்தான், நம் பணம் அல்ல. அதனால் அவனைத் திட்டிப் பெரிய பயனில்லை.

இன்றே ‘ஒவ்வொரு முறையும்’ என மாற்றுங்கள். ஐபேடில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில், செயலிக்குள் வாங்குவதையே முழுதாக நிறுத்தலாம். பிள்ளையின் கைரேகையை டேப்லெட்டில் பதிந்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அந்த விரலே வாங்கவும் அனுமதி கொடுத்துவிடக்கூடும்.

ஆனால் பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். டேப்லெட்டில் திறந்திருப்பது அப்பாவின் கணக்கு, அதில் அவருடைய கார்டு. பெற்றோருக்கான கூகுள் செயலி ‘ஃபேமிலி லிங்க்’ பிள்ளையின் கணக்கைத்தான் கண்காணிக்கும். அப்பாவின் கணக்கில் விளையாடினால் அதற்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, வாங்குவதற்கெல்லாம் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தால், கேள்வி உங்கள் போனுக்கு வரும். பிளே ஸ்டோர் வழியாகச் செலுத்தும் பணத்துக்கு மட்டுமே இந்த ஒப்புதல் பொருந்தும். ஒரு இணையதளத்தில் கார்டு எண்ணைத் தட்டி வாங்கினால் அது தடுக்காது. கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்க வேண்டாம். பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

நேரத்துக்கு வருவோம். டேப்லெட் முழுவதற்கும் ஒரே வரம்பு வைத்தால் வீட்டுப்பாடக் காணொளியும் அதில் அடங்கிவிடும். அந்த விளையாட்டுக்கு மட்டும் தனி வரம்பு வையுங்கள். ஐபேடில் கடவு எண் வைத்து, நேரம் முடிந்ததும் தடுக்கும் தேர்வையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் வரம்பைப் புறக்கணிக்கும் பொத்தானை அவனே தட்டிக்கொள்வான்.

அப்புறம், ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 20 நிமிட ஆட்டமாக இருந்து நீங்கள் 30 நிமிடம் வைத்தால், இரண்டாவது ஆட்டம் பாதியிலேயே அறுந்துவிடும். பல விளையாட்டுகளில் நடுவில் வெளியேறினால் புள்ளியும் குறையும். தினமும் மாலையில் வரும் அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். 40 நிமிடமும் கொஞ்சம் கூடுதலும் வைத்து, இரண்டு ஆட்டம் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அமைப்பதில் சிக்கல் இருந்தால் பெற்றோர் சந்திப்பு நாளில் டேப்லெட்டையும் கொண்டுவாருங்கள். நம் கணினி ஆசிரியர் உடனிருந்து செய்து தருவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்